கடினமான ஓர் இரவை எழுதுவது: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியருக்கு மீள்நோக்குக் குறிப்பு வழிகாட்டி

நம் ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த செவிலியர் ஒருவர், பணியில் நடந்ததைத் திரும்பிப் பார்த்துக் கற்றதைச் சொல்லும் தன் முதல் மீள்நோக்குக் குறிப்பை எழுதிப் படிக்கத் தந்தால், முதல் பத்தியிலேயே அதில் மெமோவின் வாசனை அடிக்கும். ஊரில் ஏதாவது தவறு நடந்தால் மேலிடத்திலிருந்து மெமோ வரும்; நாம் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுப்போம். அந்தக் கடிதத்தை எழுத இரண்டே வழிகள்தான் நமக்குத் தெரியும். ஒன்று, என் மீது தவறில்லை என்று நிறுவுவது. மற்றொன்று, தவறு முழுவதும் என்னுடையது, இனி இப்படி நடக்காது, மன்னிக்கவும் என்று முடிப்பது. இங்கே கேட்கப்படும் குறிப்பு இந்த இரண்டு வகையிலும் சேராது. நானும் முதலில் மெமோ பதில்தான் எழுதினேன். அதைத் திருத்தி எழுதிய விதத்தை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் விதிமுறை. செவிலியர், மருத்துவச்சி ஆகியோரின் பதிவைக் கவனிக்கும் என்எம்சி அமைப்பு 2016 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுசரிபார்ப்பு கேட்கிறது. வார்டில் எல்லோரும் அதை ரீவேலிடேஷன் என்றே சொல்வார்கள். பணி நேரம், பயிற்சி நேரம், பிறர் சொன்ன கருத்துகள் என்று அதில் பல உறுப்புகள் உண்டு. நம்மில் பலர் தடுமாறுவது ஐந்து மீள்நோக்குக் குறிப்புகளில்தான். ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியைப் பற்றி இருக்கலாம், நோயாளியோ சக ஊழியரோ சொன்ன கருத்தைப் பற்றி இருக்கலாம், பணியில் நடந்த சம்பவத்தைப் பற்றியும் இருக்கலாம். ஐந்தும் தவறுகளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் உங்களை உலுக்கிய ஒரு சம்பவம் நடந்திருந்தால், அதை விட்டுவிட்டு ஐந்து பயிற்சி வகுப்புகளைப் பற்றி எழுதாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நீங்கள் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் அந்தச் சம்பவத்தில்தான் இருக்கும்.

படிவம் கேட்பது நான்கு கேள்விகள்: என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றீர்கள், அதனால் உங்கள் பணியில் எதை மாற்றினீர்கள், இது என்எம்சியின் நடத்தை நெறிக் கோவையுடன் எப்படித் தொடர்புடையது. பயிற்சிக் காலத்தில் கிப்ஸின் ஆறு கட்டச் சுழற்சியைப் படித்திருப்பீர்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் வரிசையாக நினைவுக்குக் கொண்டுவர அது உதவும். ஆனால் ஆறு கட்டங்களையும் ஆறு தலைப்புகளாக்கி நிரப்பினால், முக்கியமான இடத்துக்கு இரண்டு வரியும் அற்பமான இடத்துக்கு ஒரு பக்கமும் போய்விடும். படிவத்தின் நான்கு கேள்விகளே போதும்.

எந்தத் தாளில் எதை எழுதுவது

ஒரு சம்பவத்தைப் பற்றி மூன்று வகையான தாள்கள் உருவாகலாம். டேட்டிக்ஸ் போன்ற மென்பொருளில் பதியும் சம்பவ அறிக்கை முதலாவது. அதில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பவை மட்டும் இருக்க வேண்டும். உங்கள் வருத்தத்துக்கு அங்கே இடமில்லை. விசாரணைக்காகக் கேட்கப்படும் வாக்குமூலம் இரண்டாவது. அதைத் தொழிற்சங்கத்தில் காட்டி ஆலோசனை பெறாமல் கொடுக்காதீர்கள். ஆர்சிஎன் போன்ற சங்கங்கள் உறுப்பினர்களுக்கு இந்த உதவியைச் செய்கின்றன. மூன்றாவதுதான் மீள்நோக்குக் குறிப்பு. இதில் நடந்ததைவிட, நடந்தபோது உங்கள் தலைக்குள் என்ன ஓடியது என்பதே பெரிது. மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் சம்பவ அறிக்கையில் அழுகிறார்கள், மீள்நோக்குக் குறிப்பில் நேர அட்டவணை போடுகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் மருத்துவப் பதிவேட்டில் எழுத விட்டுப்போனதை மீள்நோக்குக் குறிப்பில் எழுதி ஈடுகட்ட முடியாது. பதிவேட்டில் தாமதமாக எழுதினால், தாமதமாக எழுதியது என்று நேரத்தோடு குறித்துவிட்டு எழுத வேண்டும். நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது தனிக் கடமை. இவை முடிந்த பிறகுதான் மீள்நோக்கு.

என் இரவு

இனி உதாரணம். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்; பாடம் மாறவில்லை.

இரவுப் பணி. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த முதியவர் ஒருவர். பணி மாற்றத்தின்போது எனக்குச் சொல்லப்பட்டது: "கொஞ்சம் குழப்பம் உண்டு. மற்றபடி நலம்." இரவு இரண்டு மணிக்கு அவர் போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, பஸ் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டார். இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது, தூங்குங்கள் என்றேன். அளவுகளை எடுத்தேன். மூச்சு நிமிடத்துக்கு 22, நாடித்துடிப்பு 98, ஆக்ஸிஜன் அளவு 96, மேல் ரத்த அழுத்தம் 124, வெப்பநிலை 37.4.

இங்குள்ள மருத்துவமனைகளில் இந்த அளவுகளுக்கு நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறை உண்டு. ஓர் அளவு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப புள்ளி ஏறும். அவருடைய மூச்சுக்கு 2, நாடிக்கு 1. மற்றவை பூஜ்யம். மீதமிருந்தது சுயநினைவுக் கட்டம். கண் திறந்திருந்தார், பேசினார்; விழிப்புடன் இருக்கிறார் என்று குறித்தேன். அதற்கும் பூஜ்யம். மொத்தம் 3. அந்த மதிப்பெண்ணுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆறு மணிக்குப் பார்க்கலாம் என்று அடுத்த படுக்கைக்குப் போனேன்.

ஐந்து மணி தாண்டியதும் உதவிப் பணியாளர் ஓடி வந்தார்: "சிஸ்டர், அவர் சரியாக இல்லை." மூச்சு 28, அழுத்தம் 94, நாடி 118, காய்ச்சல் 38.6. நெஞ்சில் தொற்று பரவியிருந்தது. மருத்துவர் வந்தார், மருந்து ஏற்றினார்கள், சில வாரங்களுக்குப் பின் அவர் வீடு திரும்பினார். ஆனால் அன்று காலை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை: "அப்பாவுக்குக் குழப்பமா? அவர் தினமும் காலையில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்."

நியூஸ் 2 முறையில் புதிதாகத் தோன்றிய குழப்பத்துக்கு 3 புள்ளிகள். 2017-இல் இந்த முறை திருத்தப்பட்டபோது சேர்த்தது அது. குழப்பம் பழையதா புதியதா என்று தெரியாவிட்டால் புதியது என்றே கொள்ள வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படியானால் இரண்டு மணிக்கு அவருடைய மதிப்பெண் 3 அல்ல, 6. ஆறு என்றால் மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும், மணிக்கு ஒரு முறையாவது அளவெடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் போட்ட பூஜ்யம் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டது.

முதல் படி: அன்றே கிறுக்கி வையுங்கள், பிறகு ஆற விடுங்கள்

சம்பவம் நடந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் வரிசையாகக் கிறுக்கிவிடுங்கள். பெயர், படுக்கை எண், வார்டு, தேதி எதுவும் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் இலக்கணத்தின் மீதே கவனம் போய், பழக்கமான வாசகங்களைக் கொட்டிவிடுவோம். உங்கள் மனத்தில் ஓடியதை அது ஓடிய மொழியிலேயே பிடித்தால்தான் உண்மை சிக்கும். என் கிறுக்கலில், "ஐயோ, வயசானவங்க, ராத்திரியிலே இப்படித்தான் இருப்பாங்க" என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் யோசித்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. பின்னால் குறிப்பு முழுவதும் அந்த வரியைச் சுற்றித்தான் எழுந்தது.

முழுக் குறிப்பை உடனே எழுத வேண்டாம். முதல் வாரத்தில் எழுதினால் குற்ற உணர்வுதான் எழுதும். இரண்டு மூன்று வாரங்கள் போகட்டும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் வேறொரு ஆபத்து: முடிவு தெரிந்த மனம் நடந்ததைத் திருத்தி வைத்துக்கொள்ளும். அப்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது என்று நாமே நம்ப ஆரம்பிப்போம். எனக்கு இரண்டு மணிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. முதல் நாள் கிறுக்கல்தான் அதற்குச் சாட்சி.

இரண்டாம் படி: கீலைத் தேடுங்கள்

ஒவ்வொரு சம்பவத்திலும் ஒரு கீல் இருக்கும். கதவு இந்தப் பக்கமும் திறந்திருக்கலாம், அந்தப் பக்கமும் திறந்திருக்கலாம் என்ற இடம். அது பெரும்பாலும் விபரீதம் நடந்த நேரமாக இருக்காது. அதற்கு முன்னால் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு நொடியாக இருக்கும். என் முதல் வரைவில் ஐந்து மணி ஓட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆக்ஸிஜன் வைத்தது, மருத்துவரை அழைத்தது, ஊசி ஏற்றியது எல்லாம் விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் ஐந்து மணிக்கு நான் செய்ததெல்லாம் சரி. அதிலிருந்து கற்க ஒன்றும் இல்லை. கீல் இருந்தது இரண்டு மணியில், சுயநினைவுக் கட்டத்தில் பேனா நின்ற இடத்தில்.

கீலைக் கண்டதும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த நொடியில் எனக்கு என்னென்ன தெரியும்? நான் அதை என்னவென்று எடுத்துக்கொண்டேன்? அது எனக்கு ஏன் சரியாகப் பட்டது? மூன்றாவது கேள்விதான் கடினம். அதைத்தான் எல்லோரும் தாவிப்போகிறார்கள். நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று எழுதுவது பதில் ஆகாது. அன்று நான் அவரருகில் நின்றேன், பேசினேன், மூச்சை முழு நிமிடம் எண்ணினேன். கவனம் இருந்தது. தவறாகப் போனது வேறு இரண்டு விஷயங்கள். பணி மாற்றத்தில் கேட்ட "கொஞ்சம் குழப்பம்" என்ற சொற்களை அவருடைய வழக்கமான நிலை என்று நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. கண் திறந்து பேசினால் விழிப்பு என்று மனத்தில் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தேன். பேச்சு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் படித்தது, கையில் இல்லை.

ஆசிரியர்களுக்கும் இதே கீல்தான். பயிற்சி ஆசிரியர் ஒருவர், வகுப்பில் ஒரு பையன் மேசையைத் தள்ளிவிட்டு வெளியேறியதைப் பற்றி எழுதினால், தள்ளிய நொடியைத்தான் விரித்து எழுதுவார். உண்மையான இடம் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் இருக்கும்: வீட்டுப்பாடம் ஏன் இல்லை என்று வகுப்பின் முன்னே அவனை எழுப்பிக் கேட்ட இடம். தனியாகக் கேட்காமல் எல்லோர் முன்னும் கேட்பது ஏன் அப்போது சரியாகப் பட்டது என்று எழுதினால் குறிப்பு உயிர் பெறும். சமூகப் பணியாளர்களும் இங்கே ஆண்டுதோறும் குறைந்தது இரண்டு கற்றல் பதிவுகள் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றையாவது சக பணியாளர் ஒருவருடன் பேசிப் பார்த்த பிறகு எழுத வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து பார்க்காமல் வாசலிலேயே பேசித் திரும்பிய ஒரு வருகை அவர்களுக்குக் கீலாக இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: "படவில்லை" என்ற ஈற்றைத் தேடி அழியுங்கள்

வரைவை எடுத்துக்கொண்டு "படவில்லை", "பட்டது" என்று முடியும் சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். தெரிவிக்கப்படவில்லை. கவனிக்கப்படவில்லை. தாமதம் ஏற்பட்டது. இந்தச் சொற்களில் ஆளே இல்லை. யாரோ செய்யாமல் விட்டது காற்றில் நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே வழக்கு உண்டு, மருத்துவமனை நடையில் இன்னும் அதிகம். ஒவ்வொன்றுக்கும் எழுவாயைப் போடுங்கள். "குழப்பம் கணக்கில் எடுக்கப்படவில்லை" என்பதை "அவர் குழம்பியிருந்ததை நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை" என்று மாற்றினேன். மாற்றும்போது வயிறு கலங்கியது. அந்தக் கலக்கம் வராத வரைவை இன்னும் முடிந்ததாகக் கொள்ள முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் நான் என்று போட்டு, பிறர் பங்கையும் அமைப்பின் பங்கையும் தன் தலையில் சுமப்பதும் பொய்தான். நம்மவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. புதிய நாடு, விசா, வேலை பற்றிய பயம் எல்லாம் சேர்ந்து முழுப் பழியையும் ஏற்க வைக்கின்றன. அன்று பணி மாற்றத்தில் குழப்பம் எப்போது தொடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கான இடமும் பணி மாற்றத் தாளில் இல்லை. இதை ஒரே வரியில், யார் மீதும் பாயாமல், உண்மையாகச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் அது உங்கள் முடிவை எப்படி மாற்றியது என்று சொல்ல முடிந்தால் மட்டும். அன்று எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. ஆனால் ஆள் முழுதாக இருந்திருந்தாலும் நான் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். ஆகவே அதை எழுதவில்லை.

உணர்ச்சிக்கு இரண்டு வரி போதும், அதுவும் குறிப்பான உணர்ச்சியாக இருக்கட்டும். மிகவும் வருந்தினேன் என்பது எந்தக் குறிப்பிலும் இருக்கும் வரி. மகள் புதிரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வந்தது வருத்தம்கூட இல்லை, வெட்கம்: ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்றே தெரியாமல் அவருக்கு இயல்பு எது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

நான்காம் படி: பாடத்தை இன்னொருவர் பயன்படுத்தும் அளவுக்கு எழுதுங்கள்

இனி கவனமாக இருப்பேன், தகவல் தொடர்பின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன் என்ற வரிகளை நான் நூறு குறிப்புகளிலாவது படித்திருப்பேன். எந்தச் சம்பவத்தின் அடியிலும் ஒட்டலாம். என் சோதனை எளிது: அன்று வார்டில் இல்லாத ஒருவர் அந்த வரியை எழுதியிருக்க முடியுமா? முடியுமென்றால் அதை அழித்துவிடுங்கள். என் முதல் வரைவில் இருந்த பாடம், "நோயாளியின் நிலை மோசமாவதைச் சீக்கிரம் கண்டறிவதன் அவசியத்தை உணர்ந்தேன்." திருத்திய பாடம், "குழப்பம் என்ற சொல்லைக் கேட்டால் அது எப்போதிலிருந்து என்று கேட்டுத் தெரியும் வரை அதைப் புதியது என்றே மதிப்பெண் போட வேண்டும். பேசுகிறார் என்பது தெளிவாக இருக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது." இதைப் படிக்கும் வேறொரு செவிலியர் அன்றிரவே வேறுவிதமாக நடந்துகொள்ள முடியும்.

ஐந்தாம் படி: மாற்றத்தைச் செய்துவிட்டு எழுதுங்கள்

படிவம் கேட்பது என்ன மாற்றினீர்கள் என்று, என்ன மாற்றுவீர்கள் என்று அல்ல. ஆகவே பாடத்தை எழுதிய பின் ஒரு மாதமாவது அதன்படி வேலை செய்து பாருங்கள். பிறகு இந்தப் பகுதியை எழுதுங்கள். நான் எடுத்துக்கொண்ட மாற்றம் இரண்டு. பணி மாற்றத்தில் குழப்பம் என்று யார் சொன்னாலும் எப்போதிலிருந்து என்று கேட்பது. பதில் தெரியாவிட்டால் குடும்பத்தாரை அழைத்து, வழக்கத்தைவிட இப்போது குழப்பமாக இருக்கிறாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பது.

முதல் இரண்டு வாரம் நன்றாக நடந்தது. மூன்றாம் வாரத்தில், இரண்டு புதிய நோயாளிகள் ஒரே நேரத்தில் வந்த இரவில், நான் கேட்க மறந்தேன். அன்று எந்தத் தீங்கும் நடக்கவில்லை. அதை எழுதலாமா என்று நீண்ட நேரம் யோசித்தேன், எழுதினேன். ஞாபகத்தை நம்பும் மாற்றம் வேலை மிகும் இரவில் கைவிட்டுவிடும் என்பது அந்த மறதியில்தான் எனக்குப் புரிந்தது. வார்டு மேலாளரிடம் சொல்லி, பணி மாற்றத் தாளில் "வழக்கமான மனநிலை" என்று ஒரு சிறு கட்டம் சேர்க்கச் செய்தோம். சறுக்கலை மறைத்திருந்தால் அந்தக் கட்டம் குறிப்பில் வந்திருக்காது, ஒருவேளை தாளிலும் வந்திருக்காது. எல்லாம் உடனே திருந்திவிட்டது என்று சொல்லும் குறிப்பைப் படிக்கும்போது அனுபவமுள்ளவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஆறாம் படி: நெறிக் கோவையின் ஓர் உட்பிரிவைப் பிடியுங்கள்

நெறிக் கோவைக்கு நான்கு பெரும் பகுதிகள் உண்டு; நான்கையும் அடுக்கத் தேவையில்லை. உங்கள் கீலுக்கு நேராக நிற்கும் உட்பிரிவு ஒன்றையோ இரண்டையோ எடுங்கள். எனக்கு 13.1: உடல்நிலையும் மனநிலையும் இயல்பாக இருக்கின்றனவா மோசமாகின்றனவா என்பதற்கான அறிகுறிகளைச் சரியாகக் கண்டறிவது. கூடவே 14: தவறோ தீங்கோ நடந்தால் மறைக்காமல் சொல்வது. மகளிடம் நான் அன்று காலையே என்ன சொன்னேன் என்பதை அதன் கீழ் எழுதினேன்.

ஏழாம் படி: அடையாளத்தை உரித்தெடுங்கள்

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறோம். வயது 84, எலும்பு வார்டு, மார்ச் 14 இரவு, புதிர் போடும் அப்பா என்று எழுதினால் அந்த வார்டில் வேலை செய்த எவருக்கும் ஆள் தெரிந்துவிடும். மகள் படித்தால் ஒரே வரியில் தெரிந்துவிடும். "வயதான ஒருவர்", "அறுவை சிகிச்சைக்குப் பின்", "ஓர் இரவுப் பணி" என்பதே போதும். அரிய நோய், ஊர், தொழில், குடும்ப விவரம் எல்லாம் போகட்டும். சக ஊழியர்களுக்கும் இதே விதி: பணி மாற்றம் தந்த செவிலியர் என்று சொல்லலாம், அவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டவர் என்பதெல்லாம் வேண்டாம். புதிரைப் பற்றிய வாக்கியத்தை என் குறிப்பிலிருந்து எடுக்கும்போது மனம் வலித்தது, ஏனென்றால் பாடம் முழுவதும் அதில்தான் தொடங்கியது. "அவர் வழக்கமாகத் தெளிவாக இருப்பவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள்" என்று மாற்றினேன். (இங்கே நான் சொன்ன புதிரும் உண்மையான விவரத்துக்குப் பதிலாக வைத்ததுதான்.)

இனி எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி: எழுதியது எனக்கு எதிராகத் திரும்பாதா? இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2011-இல் ஒரு சிறுவன் இறந்த வழக்கில் ஹாடிசா பாவா-கார்பா என்ற பயிற்சி மருத்துவர் 2015-இல் தண்டிக்கப்பட்டார். 2018 தொடக்கத்தில் அவருடைய பதிவு நீக்கப்பட்டது, அதே ஆண்டு மேல்முறையீட்டில் மீட்கப்பட்டது. அவர் எழுதிய மீள்நோக்குக் குறிப்புகளே அவருக்கு எதிராகப் பயன்பட்டன என்ற செய்தி நாடு முழுவதும் பரவி, பலர் உண்மையாக எழுதுவதையே நிறுத்தினார்கள். அவருக்குத் துணை நின்ற மருத்துவப் பாதுகாப்பு அமைப்பு, அந்தக் குறிப்புகள் இருந்த அவருடைய மின்குறிப்பேடு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று பின்னர் விளக்கியது. 2019-இல் என்எம்சி உள்ளிட்ட ஒன்பது ஒழுங்குமுறை அமைப்புகள் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. புகாரை விசாரிக்க ஒருவருடைய தனிப்பட்ட மீள்நோக்குக் குறிப்பைக் கேட்பதில்லை என்பது என்எம்சியின் நிலை. உங்களுக்குப் புரிதல் வந்திருக்கிறது என்று காட்ட நீங்களே விரும்பிக் கொடுக்கலாம். ஆனால் நீதிமன்றம் கேட்டால் தரவேண்டி வரலாம். ஆகவே வழக்கோ, மரண விசாரணையோ, பெரிய புகாரோ நடக்கும் சம்பவமாக இருந்தால் எழுதும் முன் சங்கத்தில் பேசுங்கள். மற்றபடி, யார் படித்தாலும் நிற்கக்கூடிய உண்மையை, அடையாளம் இல்லாமல், ஊகத்தைக் கலக்காமல் எழுதுங்கள். நான் செய்ததால்தான் அவர் இப்படி ஆனார் என்ற வகைத் தீர்ப்பு வரிகள் வேண்டாம். இரண்டு மணிக்கே அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதவும் இல்லை.

என் குறிப்பு, கடைசி வடிவம்

என்ன நடந்தது: ஓர் இரவுப் பணியில், அறுவை சிகிச்சைக்குப் பின் இருந்த வயதான ஒருவரைக் கவனித்தேன். பணி மாற்றத்தில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு என்று சொன்னார்கள். நள்ளிரவுக்குப் பின் அளவெடுத்தபோது அவர் பொருந்தாத கேள்வி கேட்டார். வயதானவர்கள் இரவில் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்து, விழிப்புடன் இருக்கிறார் என்று குறித்தேன். மதிப்பெண் 3 வந்தது. 6 வந்திருக்க வேண்டும். மருத்துவரை அழைக்கவில்லை. சுமார் மூன்று மணி நேரத்துக்குப் பின் அவர் நிலை மோசமாகித் தொற்றுக்குச் சிகிச்சை தொடங்கியது. பின்னர் குணமானார். அவர் வழக்கமாகத் தெளிவாக இருப்பவர் என்று குடும்பத்தார் காலையில் சொன்னபோது வெட்கப்பட்டேன்.

என்ன கற்றேன்: குழப்பம் என்ற சொல்லை அவருடைய இயல்பு என்று நானே முடிவு செய்தேன். எப்போதிலிருந்து என்று தெரியாத குழப்பத்தைப் புதியதாகவே மதிப்பிட வேண்டும். பேசுகிறார் என்பதால் தெளிவாக இருக்கிறார் என்று ஆகாது. முதியவர்களைப் பற்றி நான் வைத்திருந்த பொதுவான எண்ணம், கண்முன் இருந்த அறிகுறியை மறைத்தது.

என்ன மாற்றினேன்: பணி மாற்றத்தில் எப்போதிலிருந்து என்று கேட்கிறேன், தெரியாவிட்டால் குடும்பத்தாரைக் கேட்கிறேன். வேலை மிகுந்த ஓர் இரவில் கேட்க மறந்தேன். அதனால் பணி மாற்றத் தாளில் இதற்கென ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டோம். இப்போது அது இருக்கிறது.

நெறிக் கோவை: 13.1, 14. அன்று காலையே, இரவில் நான் மருத்துவரை அழைத்திருக்க வேண்டும் என்று குடும்பத்தாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், பதிவேட்டிலும் எழுதினேன்.

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

கடைசிப் படி: உரையாடல்

ஐந்து குறிப்புகளையும் என்எம்சி பதிவுள்ள இன்னொருவருடன் உட்கார்ந்து பேச வேண்டும். பலர் இதைக் கையெழுத்து வாங்கும் பத்து நிமிடச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். நெருங்கிய தோழியைத் தவிர்த்து, உங்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். குறிப்புகளை இரண்டு நாள் முன்பே கொடுங்கள்.

என்னுடன் பேசியவர் இருபது ஆண்டு அனுபவமுள்ள மூத்த செவிலியர். வயதானவர்கள் பற்றிய பொதுவான எண்ணம் என்ற வரியில் விரலை வைத்தார். "இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பிறகு சொன்னேன்: ஊரில் என் பாட்டி கடைசி இரண்டு ஆண்டுகள் இரவில் எழுந்து, இறந்துபோன தாத்தாவுக்குச் சோறு போடச் சொல்வார், வீட்டில் யாரும் பதறியதில்லை, தூங்குங்கள் பாட்டி என்பதே எங்கள் பதில். அந்த முதியவரிடமும் நான் அதையேதான் சொல்லியிருக்கிறேன். மூத்த செவிலியர் கையெழுத்துப் போடும் முன் அந்த விஷயத்தை ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, பேனாவால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன்.